‘உங்க லெவலுக்கு இது சின்ன வேலையாச்சே சார்?’

முன்பு இருந்த பதவியைவிடக் கீழான வேலைக்கு ஒருவர் விண்ணப்பிக்கும்போது, ‘இந்த வேலைக்கு உங்கள் தகுதி அதிகம்’ என்ற மறுப்பு பெரும்பாலும் நேர்காணலுக்கு முன்பே வந்துவிடுகிறது. தகுதி கூடுதலாக இருப்பதை எந்த நிறுவனமும் குறையாக நினைப்பதில்லை. அது அஞ்சுவது வேறு. ஆறு மாதத்தில் நல்ல இடம் கிடைத்ததும் போய்விடுவாரா, தன்னைவிட இளைய மேனேஜரின் கீழ் வேலை பார்ப்பாரா, பல வருடம் ஆட்களை வேலை வாங்கியவருக்கு இனித் தன் கையால் வேலை செய்ய வருமா என்பவைதான் அந்த அச்சங்கள். விண்ணப்பதாரர் பதில் சொல்ல வேண்டியது இவற்றுக்குத்தான். தன் திறமையை இன்னும் அழுத்திச் சொன்னால் அச்சம் கூடுமே தவிரக் குறையாது.

இந்த அச்சங்கள் எல்லாம் ஒரே ஆளிடம் இருப்பதில்லை. எச்.ஆர். பிரிவில் இருப்பவர் சம்பளத்தையும் நிலைப்பையும் பார்க்கிறார். ஆள் எடுத்த ஆறே மாதத்தில் அந்த நாற்காலி மறுபடி காலியானால் அது அவருடைய கணக்கில்தான் ஏறும். நேரடி மேனேஜராக வரப்போகிறவர் அதிகாரத்தைப் பார்க்கிறார். நிறுவனத்தின் தலைவரோ முதலாளியோ, ‘இவ்வளவு பெரிய ஆள் ஏன் இறங்கி வருகிறார், என்ன நடந்தது’ என்று பார்க்கிறார். ஒருவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை இன்னொருவரிடம் சொல்லுவதால்தான் பல நல்ல விண்ணப்பங்கள் நடுவழியில் நின்றுபோகின்றன.

எச்.ஆர். அச்சத்துக்குப் பின்னால் பணக் கணக்கு இருக்கிறது. கன்சல்டன்சி மூலம் ஆள் எடுத்தால், இந்தியாவில் வழக்கமான கட்டணம் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். சேர்ந்தவர் 2 அல்லது 3 மாதத்துக்குள் போனால் கன்சல்டன்சி கட்டணமில்லாமல் மாற்று ஆள் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். அதற்குப் பிறகு போனால் முழு நஷ்டமும் நிறுவனத்துக்குத்தான். தகுதி மிகுந்தவர் பெரும்பாலும் அந்தக் கெடு தாண்டித்தான் போவார் என்பது எச்.ஆர். ஆட்களின் அனுபவம். மூன்றாம் மாதம் வரை வேலையைக் கற்றுக்கொள்ளும் சுவாரசியம் இருக்கும். அதன் பிறகுதான் பழைய சம்பளம் நினைவுக்கு வரும்.

இந்த அச்சம் நம் ஊருக்கு மட்டும் உரியதும் அன்று. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ லண்டன் நகரக் காவல் துறை, 1996இல் நடந்த அறிவுத்திறன் தேர்வில் 33 மதிப்பெண் வாங்கிய ஒருவரை நேர்காணலுக்கே அழைக்கவில்லை. அந்த வேலைக்கு அவர்கள் வைத்திருந்த வரம்பு 20 முதல் 27 வரை. அதற்கு மேல் வாங்குகிறவருக்குக் காவல் பணி சலித்துவிடும், பயிற்சிக்குச் செலவழித்த பிறகு போய்விடுவார் என்பது அவர்கள் சொன்ன காரணம். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த அச்சம் எப்போதும் உண்மையாவதில்லை. துருக்கியில் ஒரு துணிக்கடைத் தொடரின் விற்பனையாளர்களிடம் பெர்ரின் எர்டோகன், டாலியா பாவர் என்ற இருவர் நடத்திய ஆய்வு 2009இல் வெளியானது. தங்கள் தகுதி வேலைக்கு மிஞ்சியது என்று நினைத்தவர்கள் விற்பனையில் பின்தங்கவில்லை. விற்பனைக் கணக்கில் அவர்கள் நன்றாகவே செய்தார்கள். வேலையில் தாங்களாக முடிவெடுக்க ஓரளவு இடம் கிடைத்தபோது அவர்களுடைய மனக்குறையும் போய்விடும் எண்ணமும் வெகுவாகத் தணிந்தன. ஆகவே பதில் சொல்லும் விண்ணப்பதாரர் தன் பக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது. அந்த வேலையில் தனக்கென்று முடிவெடுக்கும் ஒரு மூலை இருக்கிறதா என்றும் நேர்காணலிலேயே கேட்டுப் பார்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஆள் எடுக்கும் தொழிலில் அடிக்கடி எதிர்ப்படும் ஒரு நேர்வைப் பார்க்கலாம். விண்ணப்பதாரருக்கு வயது 48. புனே அருகே வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பிரிவின் துணைப் பொது மேலாளராக இருந்தவர். 40 பேர் அவருக்குக் கீழே. ஆண்டுச் சம்பளம் சி.டி.சி. கணக்கில் 30 லட்சம். இப்போது அவர் கோவையில் 300 பேர் வேலை செய்யும் ஓர் எந்திரவேலை ஆலையில் தரப் பிரிவு உதவி மேலாளர் பதவிக்கு விண்ணப்பிக்கிறார். அந்தப் பதவிக்கு அதிகபட்சம் 14 லட்சம். மேனேஜராக இருப்பவருக்கு வயது 36. ஊர் திரும்பக் காரணம் வயதான பெற்றோர். கோவையில் அவருக்குச் சொந்த வீடும் இருக்கிறது.

அவர் முதலில் சரி செய்ய வேண்டியது பயோடேட்டா. பெரும்பாலானவர்கள் இங்கே இரண்டில் ஒரு தவறைச் செய்கிறார்கள். ஒன்று, பழைய பயோடேட்டாவையே அனுப்பிவிடுவது. அதில் முதல் வரியே ‘40 பேர் கொண்ட அணியை வழிநடத்தியவர்’ என்று இருக்கும். உதவி மேலாளர் வேலைக்கு ஆள் தேடுகிறவர் அந்த வரியைத் தாண்டிப் படிப்பதில்லை. இன்னொன்று, பதவியைச் சிறியதாக்கிக் காட்டுவது. துணைப் பொது மேலாளரை ‘தரப் பொறியாளர்’ என்று எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். தீராது. சேருவதற்கு முன் நிறுவனங்கள் பழைய நிறுவனத்தின் எச்.ஆர். பிரிவில் பதவிப் பெயரையும் தேதிகளையும் கேட்டு உறுதி செய்கின்றன. பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணைக் கொடுத்தால் எந்த நிறுவனத்தில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பது அப்படியே தெரிந்துவிடும். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும் கேட்கப்படும். அதில் பதவியும் தொகையும் அச்சாகியிருக்கும்.

தகுதியை மறைப்பதன் முடிவு என்ன என்பதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. பஞ்சாப் நேஷனல் வங்கி பியூன் வேலைக்கு விளம்பரம் செய்தபோது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும், பட்டதாரியாக இருக்கக் கூடாது என்று தெளிவாகப் போட்டிருந்தது. ஒருவர் தன் பட்டத்தைச் சொல்லாமல் விண்ணப்பித்துத் தேர்வானார். பின்னால் விஷயம் தெரிந்து வங்கி அவரை வேலையில் தொடர விடவில்லை. உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் அதை மாற்றியது. எந்தப் பதவிக்கு எந்தத் தகுதி பொருத்தம் என்று முடிவு செய்வது வேலை கொடுப்பவரின் உரிமை, உண்மையை மறைத்து வந்தவர் வேலையில் தொடரும் உரிமையைக் கோர முடியாது என்பது தீர்ப்பின் சாரம். இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. மறைத்தால் வேலை கிடைத்த பிறகும் போகும். மேல்வரம்பு எழுத்தில் இருக்கும் அரசு, பொதுத்துறை வேலைகளில் விளக்கம் எதுவும் எடுபடாது. அங்கே விண்ணப்பிக்காமல் இருப்பதே சரி.

பழையதை அப்படியே அனுப்புவதற்கும் மறைப்பதற்கும் இடையே நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. பதவிப் பெயர், நிறுவனம், ஆண்டுகள் எல்லாம் உள்ளபடி இருக்கும். அவற்றின் கீழே வரும் வரிகள் மட்டும், விண்ணப்பிக்கும் வேலைக்கு ஏற்ப மாறும். நம் விண்ணப்பதாரர் 40 பேர் என்ற செய்தியை ஒரே வரியாகக் கடைசியில் போடுகிறார். மேலே வருவது அவர் தானே செய்தவை: வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய பாகங்களுக்கு எட்டுப் படி முறையில் மூலக் காரணம் கண்டது, புதிய பாகத்துக்கு வாடிக்கையாளர் ஒப்புதல் பெறும் பி.பி.ஏ.பி. கோப்பைத் தயாரித்தது, சி.எம்.எம். எந்திரத்தில் அளவு எடுத்து அறிக்கை தந்தது, ஐ.ஏ.டி.எஃப். 16949 தணிக்கையில் உள்தணிக்கையாளராக இருந்தது. 15 ஆண்டுக்கு முந்திய வேலைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். இதில் பொய் எதுவும் இல்லை.

பயோடேட்டாவோடு போகும் மின்னஞ்சலில்தான் ‘ஏன்’ என்ற கேள்விக்கு முதல் பதில் இருக்க வேண்டும். அது கேட்கப்படும் வரை காத்திருக்கக் கூடாது. காத்திருந்தால் எச்.ஆர். ஆள் தானாக ஒரு காரணத்தை ஊகித்துக்கொள்வார், அது பெரும்பாலும் மோசமான காரணமாக இருக்கும். ஐந்து வாக்கியம் போதும். கோவைக்கு நிரந்தரமாக வந்துவிட்டேன். வீடு சொந்தம், பெற்றோர் இங்கே இருக்கிறார்கள். இந்தப் பதவி உதவி மேலாளர் நிலை என்பதும் அதன் சம்பள வரம்பும் தெரிந்தே விண்ணப்பிக்கிறேன். அளவெடுப்பு, மூலக் காரண ஆய்வு ஆகிய நேரடி வேலைகளில் இருக்க விரும்புகிறேன். நோட்டீஸ் காலம் முடிந்துவிட்டது, உடனே சேர முடியும். இதற்கு மேல் எழுதினால் தற்காப்பு வாதம்போல் ஆகிவிடும்.

அடுத்த கட்டம் எச்.ஆர். தொலைபேசி. இங்கே பேச்சு பெரும்பாலும் சம்பளத்தில்தான் நிற்கும். கோவைப் பக்கத்தில் அது ஏறக்குறைய இப்படி வரும்:

“சார், இந்தப் பதவிக்கு 14 லட்சத்துக்கு மேல குடுக்க முடியாதுங்க. நீங்க 30ல இருக்கீங்க. பாதிக்கும் கீழ வருதுங்களே, பரவாயில்லைங்களா?”

இதற்கு ‘பணம் எனக்கு முக்கியமில்லைங்க’ என்பது மிக மோசமான பதில். கேட்பவர் அதை நம்பமாட்டார். நம்பினாலும், பணம் முக்கியமில்லாதவர் எதற்காக வேலையில் நிற்பார் என்று யோசிப்பார். ‘பார்த்துப் போட்டுக் குடுங்க’ என்பதும் ஆகாது. அடுத்த ஆண்டு சம்பள உயர்வில் இந்த ஆள் சண்டைக்கு வருவார் என்று அதற்குப் பொருள். சொல்ல வேண்டியது கணக்கு. நம் விண்ணப்பதாரரின் கணக்கு இப்படி இருந்தது. 30 லட்சத்தில் வரியும் பி.எஃப்.பும் போக மாதம் கைக்கு வந்தது ஏறத்தாழ 1 லட்சத்து 80 ஆயிரம். அதில் புனே வீட்டு வாடகை 35 ஆயிரம், கோவை வீட்டுக் கடனின் இ.எம்.ஐ. 62 ஆயிரம். மிச்சம் 83 ஆயிரம். இப்போது கடன் அடைந்துவிட்டது, வாடகையும் இல்லை. 14 லட்சத்தில் கைக்கு வருவது 95 ஆயிரத்தை ஒட்டி இருக்கும். குடும்பச் செலவுக்குக் கையில் நிற்கும் தொகை முன்பைவிடக் குறையவில்லை.

“14 தெரிஞ்சுதாங்க அப்ளை பண்ணினேன். புனேல வாடகையும் வீட்டு லோனும் சேர்த்து மாசம் 97 ஆயிரம் போச்சு. ரெண்டும் இப்ப இல்லைங்க. உங்க சம்பளத்துல எனக்கு அங்க கையில நின்னதைவிடக் கொஞ்சம் கூடவே நிக்கும். உயர்வும் மத்தவங்களுக்கு என்ன விகிதமோ அதுதாங்க எதிர்பார்ப்பு.”

இந்தப் பதிலின் பலம், அதில் உறுதிமொழி எதுவும் இல்லாததுதான். ‘நான் போகமாட்டேன், நம்புங்கள்’ என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். கடன் அடைந்தது, வாடகை நின்றது என்பவை சரிபார்க்கக்கூடியவை. எச்.ஆர். ஆள் இதைத் தன் மேலதிகாரியிடம் அப்படியே திருப்பிச் சொல்ல முடியும். அவருக்குத் தேவைப்படுவது அதுதான். கணக்கு இப்படி ஒத்து வராதவர்கள் இந்த இடத்திலேயே நின்று யோசிக்க வேண்டும். இ.எம்.ஐ. இன்னும் 5 வருடம் ஓட வேண்டியிருந்து, புதிய சம்பளத்தில் மாதம் 20 ஆயிரம் துண்டு விழுமானால், நிறுவனத்தின் அச்சம் நியாயமானது. அப்போது பேச்சுத் திறமையால் வேலையை வாங்கினாலும் எட்டு மாதத்தில் அதை விடத்தான் நேரும்.

இதோடு சேர்த்துச் சொல்லத்தக்க இன்னொன்று கிராச்சுவிட்டி. நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக ஒரே நிறுவனத்தில் 5 ஆண்டு தொடர்ந்து வேலை செய்தால்தான் அது கிடைக்கும். கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தோடு அகவிலைப்படியும் சேர்த்து 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் வருவது ஓராண்டுக்கான தொகை. 48 வயதில் சேருகிறவர் அந்த 5 ஆண்டை முடிக்கும்போது 53 ஆகியிருக்கும். 58இல் ஓய்வு என்ற ஆலையில் மேலும் 5 ஆண்டு மீதம். இந்த வயதில் மறுபடி இடம் மாறினால் அந்தக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இதைத் தேர்ந்த எச்.ஆர். அலுவலர்கள் அறிவார்கள், 28 வயதுப் பொறியாளர் இரண்டு வருடத்தில் தாவிவிடுவதையும் அறிவார்கள். விண்ணப்பதாரர் இதை ஒப்பிட்டுச் சொல்ல வேண்டியதில்லை, தன் வயதுக் கணக்கை மட்டும் சொன்னால் போதும்.

அதற்குப் பிறகு வருவது நேரடி மேனேஜரோடு நடக்கும் நேர்காணல். மற்ற எல்லாவற்றையும்விட இதுவே கடினம். 36 வயதுக்காரர் எதிரே இருப்பவரை ‘சார்’ என்று கூப்பிட்டுப் பேசத் தொடங்குகிறார். நாளை அதே ஆளிடம் ‘இந்த ரிப்போர்ட்டை இன்னிக்கே குடுங்க’ என்று சொல்ல முடியுமா என்ற தயக்கம் அவர் மனத்தில் இருக்கிறது. அதை அவர் வாய்விட்டுக் கேட்கமாட்டார். வேலை தெரியுமா என்று சோதிக்கும் கேள்விகளின் வடிவத்தில்தான் அது வெளிவரும். அந்தச் சோதனையை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு ‘இதெல்லாம் நான் இருபது வருஷம் முன்னாடியே பண்ணினது’ என்று சொல்பவருக்கு வேலை அங்கேயே போய்விடுகிறது.

ஒரு சோதனையை விவரமாகவே பார்க்கலாம். மேனேஜர் ஒரு பாகத்தையும் அதன் வரைபடத்தையும் மேசையில் வைக்கிறார். வரைபடத்தில் ஒரு துளை: விட்டம் குறைந்தது 10.0 மி.மீ., அதிகபட்சம் 10.2 மி.மீ. துளையின் இருப்பிடப் பிழைக்கு அனுமதி 0.2 மி.மீ.; அதற்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் எம் என்ற எழுத்து. அளவு அறிக்கையில் துளை விட்டம் 10.1 என்றும், மையம் குறுக்கே 0.1, நெடுக்கே 0.1 நகர்ந்திருக்கிறது என்றும் இருக்கிறது. ‘பாகம் ஓகேயா, ரிஜெக்டா?’

நகர்வு இரண்டு திசையிலும் 0.1 என்றால் மையம் உண்மையில் விலகியது 0.1414 மி.மீ. இருப்பிடப் பிழை என்பது அதன் இரு மடங்கு, ஏறத்தாழ 0.283. அனுமதி 0.2 என்பதோடு மட்டும் ஒப்பிட்டால் பாகம் தள்ளுபடி. பல வருடம் அறிக்கையில் பச்சை, சிவப்பு நிறத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் இதைத்தான் சொல்வார். ஆனால் வட்டத்துக்குள் இருக்கும் எம், பொருள் அதிகபட்சமாக இருக்கும் நிலையைக் குறிக்கிறது. துளைக்கு அது மிகச் சிறிய விட்டமான 10.0. துளை அதைவிட எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவும் கூடுதல் அனுமதியாகச் சேரும். இங்கே 10.1, ஆகவே கூடுதல் 0.1, மொத்த அனுமதி 0.3. பிழை 0.283. பாகம் தேறிவிட்டது, ஆனால் விளிம்பில்.

நல்ல பதில் அதோடும் நிற்பதில்லை. ‘பாகம் ஓகே, ஆனா துளை 10.0லயே வந்திருந்தா இது ரிஜெக்ட் ஆகியிருக்கும். ரெண்டு பக்கமும் ஒரே அளவு நகர்ந்திருக்கு, ஃபிக்ஸ்ச்சர்ல பாகம் சரியா உக்காருதான்னு முதல்ல பாக்கணும். அடுத்த அஞ்சு பாகத்தோட அளவு இருந்தா காட்டுங்க சார்’ என்று அவர் சொன்னால், கை துருப்பிடித்துவிட்டதோ என்ற அச்சம் அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். கூடவே இன்னொன்றும் நடந்திருக்கிறது. தன்னைவிட 12 வயது இளையவரை அவர் இயல்பாக ‘சார்’ என்று அழைத்துவிட்டார், அடுத்த தகவலையும் அவரிடமே கேட்டார். இளைய மேனேஜர் மனத்தில் இருந்த தயக்கத்துக்கு இதைவிட நேரடியான பதில் இல்லை. இதை நடிக்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நேர்காணலுக்கு முன் நான்கைந்து வாரம் வரைபடங்களையும் அளவுக் கணக்குகளையும் எடுத்து உட்கார்ந்தால் வேலை கைக்குத் திரும்பி வந்துவிடும். வராவிட்டால் அந்த வேலைக்குப் போவதில் பொருளில்லை.

மேனேஜர் நேரடியாகக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ‘நான் எடுத்த முடிவு தப்புன்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா என்ன பண்ணுவீங்க?’ ‘நீங்க சொன்னா சரிதான்’ என்று பணிந்துவிடுவது நம்பகமாகத் தெரியாது. தரப் பிரிவில் அது ஆபத்தும்கூட. ‘நான் எப்பவும் நேராச் சொல்லிடுவேன்’ என்பது கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்வேன் என்று கேட்கும். சொல்ல வேண்டியது நடைமுறை: அளவு அறிக்கையோடு தனியாக வந்து ஒரு முறை சொல்வேன், முடிவு உங்களுடையது, முடிவானபின் வெளியே ஒரே பேச்சுதான், பிரேக், ஸ்டியரிங் போன்ற பாதுகாப்புப் பாகம் என்றால் மட்டும் எழுத்தில் தருவேன். எங்கே விட்டுக்கொடுப்பேன், எங்கே மாட்டேன் என்று எல்லை போடுகிறவரைத்தான் மேனேஜர் நம்புகிறார். முன்பு யாருக்காவது கீழே அப்படி நடந்துகொண்ட நிகழ்வு ஒன்று கையில் இருந்தால் அதையே சொல்லலாம். தவிர்க்க வேண்டியது, ‘உங்க டிபார்ட்மெண்டையே மாத்திக் காட்டறேன்’ என்ற தோரணை. அதைக் கேட்கும் மேனேஜருக்குத் தன் நாற்காலி ஆடுவதுபோல் இருக்கும்.

கடைசியாக ஆலைத் தலைவர். அவர் கேட்பது ‘ஏன்’. காரணம் மூன்று குணங்களோடு இருந்தால் அவர் ஏற்றுக்கொள்வார்: சரிபார்க்கக்கூடியதாக, சீக்கிரம் மாறாததாக, வேலையின் சுமையைக் குறைக்கக் கேட்காததாக. பெற்றோருக்காக ஊர் திரும்பியது முதல் இரண்டையும் நிறைவு செய்கிறது, மூன்றில்தான் சிக்கல். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றதும் ‘அடிக்கடி லீவு கேட்பார்’ என்று தலைவர் மனம் ஓடும். அதனால் ஏற்பாட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பகலில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார், மனைவியும் வீட்டில் இருக்கிறார், தணிக்கை நாட்களில் இரவு தங்குவதும் முடியும். ‘டென்ஷன் குறைவான வேலை வேணும்’ என்ற வாக்கியம் உண்மையாகவே இருந்தாலும் அது அங்கே ‘குறைவாக வேலை செய்ய விரும்புகிறேன்’ என்றுதான் காதில் விழும். எந்த வேலையிலிருந்து விலக விரும்புகிறார் என்பதைவிட, எந்த வேலையை நோக்கி வருகிறார் என்று சொல்வது நல்லது. பட்ஜெட் கூட்டமும் ஆள் எடுப்பதும் போய், பாகத்தையும் எந்திரத்தையும் கையில் வைத்துப் பார்க்கும் வேலை வேண்டும் என்பது ஆலைக்காரர்களுக்கு எளிதில் புரியும்.

தானாக இறங்கி வருகிறவருக்கு இத்தனை சொல்லலாம். தள்ளப்பட்டவரின் நிலை வேறு. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்து, அடுத்த ஆண்டு மறைமலைநகர் ஆலையும் நின்றபோது, உயர்பதவிகளில் இருந்தவர்களும் ஒரே நேரத்தில் வேலை தேடும் நிலைக்கு வந்தார்கள். ஆலை மூடல் ஊருக்கே தெரிந்தது என்பதால் ‘என்ன நடந்தது’ என்ற சந்தேகம் அங்கே எழாது. ‘நல்ல இடம் வந்ததும் போய்விடுவாரா’ என்ற அச்சம்தான் இரண்டு மடங்காகும், அது நியாயமும்கூட. இந்த நிலையில் இருப்பவர் ‘இதே நிலையில்தான் என்றைக்கும் இருக்க ஆசை’ என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நம்பத்தக்க பதில் ஒரு காலத்தையும் ஒரு வேலையையும் முன்வைப்பது. ஆலை அடுத்த ஆண்டு ஐ.ஏ.டி.எஃப். மறுசான்றுக்குப் போகிறது என்றால், அது முடியும் வரை இருப்பேன், அதற்குள் எனக்குக் கீழே இருவரை உள்தணிக்கையாளராகத் தயார் செய்துவிடுவேன் என்று சொல்லலாம். நிறுவனம் நிரந்தரத்தை எதிர்பார்ப்பதாக நினைத்துப் பலர் இதைச் சொல்லத் தயங்குகிறார்கள். உண்மையில் 2 வருடம் உறுதியாகக் கிடைக்கும் என்றால் பல ஆலைகள் எடுத்துக்கொள்ளும். இளைஞர்களும் அதைவிட அதிகம் நிற்பதில்லை. உயர்பதவி வரும்போது ஆலைக்குள்ளேயே தன்னைக் கணக்கில் எடுப்பார்களா என்று கேட்பதும் தவறில்லை, ஆனால் அதை முதல் நேர்காணலில் கேட்கக் கூடாது.

என்ன சொன்னாலும் பலிக்காத இடங்களும் இருக்கின்றன. பெரிய நிறுவனங்கள் சிலவற்றில் ஒவ்வொரு நிலைக்கும் அனுபவ ஆண்டுகளின் மேல்வரம்பு உள்விதியாக இருக்கும். ‘5 முதல் 9 வருடம்’ என்று போட்ட இடத்தில் 24 வருட அனுபவத்தைக் கணினியே வடிகட்டிவிடும். அங்கே அறிமுகமான ஒருவர் மூலம் பயோடேட்டா நேரே மேனேஜர் கைக்குப் போனால்தான் வாய்ப்பு. சில இடங்களில் ‘தகுதி அதிகம்’ என்பது வயதைச் சொல்லத் தயங்கும் மரியாதையான மறுப்பு. எது எதுவென்று தெரிந்துகொள்ள ஒரு கேள்வி கேட்கலாம்: ‘தயக்கம் சம்பளத்துலயாங்க, நான் நிப்பேனாங்கறதுலயா, இல்ல டீம்ல ஒத்துப்போகுமாங்கறதுலயா?’ எதிராளி இதில் ஒன்றைத் தொட்டுப் பேசினால் பதில் சொல்ல இடமிருக்கிறது. ‘பொதுவாவே சார், மேனேஜ்மெண்ட் முடிவு’ என்று வழுக்கிக்கொண்டு போனால் கதவு சாத்தப்பட்டுவிட்டது. அங்கே மேலும் பேசுவதைவிட அடுத்த ஆலையைப் பார்ப்பது நல்லது.

வேலை உறுதியான பிறகு ஆஃபர் கடிதத்தில் பார்க்க வேண்டியவை இரண்டு. பதவிப் பெயர் விளம்பரத்தில் இருந்ததாகவே இருக்கட்டும். ‘மரியாதைக்கு மேனேஜர்னு போட்டுடறோம்’ என்று எச்.ஆர். சொல்லும்போது அதை வேண்டாம் என்பதே நல்லது. ஒரே பிரிவில் இரண்டு மேனேஜர் என்றால் இளைய மேனேஜரின் தயக்கம் முதல் வாரமே திரும்பி வரும். அடுத்தது, ஆய்வகமோ மூலக் காரண ஆய்வோ, தான் முடிவெடுக்கும் பகுதி எது என்பது வேலை விவரத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். துருக்கி ஆய்வில் ஆட்களை நிற்க வைத்தது அந்த இடம்தான். வாய்மொழியாக மட்டும் ஒத்துக்கொண்டது மேனேஜர் மாறும்போது கூடவே போய்விடும்.